குளம் உடைத்ததாக ஒரு செய்மதிப் படம்

வணக்கம். மாரி தொடங்கினால் வன்னியில் மழையோடு சேர்ந்து வட்ஸ்அப் படங்களும் கொட்டும். "இரணைமடுக் கட்டு உடைச்சிட்டுது, செய்மதிப் படம் பாருங்கோ" என்று ஒரு வரி வந்தாலே போதும். 2018 மார்கழியில் வான் கதவுகள் திறந்து, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைக் கண்டவர்கள் படத்தை உற்றுப் பார்க்கவா போகிறார்கள்? உடனே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு படம் மார்கழியில் உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு பதினொரு மணிக்கு எடுத்ததாம். குளம் தெளிவாகத் தெரிகிறது, சுற்றிவரக் கரையில் காய்ந்த மண் பட்டை. குளத்தில் இருந்து நீல நிறத் தண்ணீர் தெற்கே மாங்குளம் வரைக்கும் பரவிக் கிடக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு இப்படி நிறப் படம் கிடைக்காது. நிறப் படம் எடுக்கும் செய்மதிக்கு வெயில் வேண்டும். அவற்றில் பல காலை பத்து, பதினொரு மணியளவில்தான் எங்கள் தலைக்கு மேலால் போகின்றன. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதிகள் இரண்டு சேர்ந்தும் ஒரே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். வந்தாலும் அடைமழை நாளில் அதற்குத் தெரிவது முகில்தான். வெள்ளம் நடக்கும்போதே எடுத்த படத்தில் ஒரு முகில் துண்டுகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் அந்த மண் பட்டை. மாரியில் நிரம்பி உடைத்த குளத்துக்குக் காய்ந்த கரை எங்கிருந்து வந்தது? அது ஆவணி, புரட்டாதிக் குளம். இன்னும் நெருங்கிப் பார்க்க முடிந்தால், வெளியில் தனியாக நிற்கும் ஒரு பனையின் நிழலைப் பாருங்கள். வடக்கு மேலே இருக்கும்படி படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மார்கழியில் சூரியன் எங்களுக்குத் தெற்கே சாய்ந்து நிற்பதால் காலை நிழல் வடமேற்கே விழும். ஆனி மாதத்தில் சூரியன் எங்களுக்கு வடக்கே போய்விடும், காலை நிழல் தென்மேற்கே விழும். மார்கழிப் படம் என்று சொல்லி நிழல் தென்மேற்கே கிடந்தால், அது வருட நடுவில் எடுத்த படம். படத்தில் நீலம் பூசினவர் நிழலைத் திருத்த நினைத்திருக்கமாட்டார்.

எனக்கு இதில் பெரிய பகிடி அந்த மாங்குளம்தான். கனகராயன் ஆறு தெற்கே இருந்து வடக்கே வருகிறது. இரணைமடுக் கட்டு குளத்தின் வடக்குப் பக்கம். கட்டு உடைத்தால் தண்ணீர் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குத்தான் ஓடும், மேட்டில் இருக்கும் மாங்குளத்துக்கு ஏறாது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. எங்கள் ஊர்க் கமக்காரர் ஒருவரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்வார்.

கணினி இருப்பவர்கள் கூகிள் ஏர்த் புரோவில் அதே இடத்தைத் திறந்து, மேலே உள்ள கடிகாரக் குறியை அழுத்திப் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்துங்கள். வதந்திப் படத்தின் மூலப்படம், நீலம் பூசாமல், ஏதாவது ஒரு திகதியில் அப்படியே இருக்கலாம். கிடைக்கவில்லை என்பதால் மட்டும் படம் உண்மை ஆகிவிடாது. ஒன்று கவனியுங்கள்: கூகிள் வரைபடத்தின் ஸ்கிரீன்ஷொட்டில் அடியில் பதிப்புரிமைக் குறியோடு ஓர் ஆண்டு இருக்கும். அது படம் எடுத்த ஆண்டு அல்ல. அதைக் காட்டித்தான் "இந்த வருடப் படம்" என்று பலர் வாதாடுகிறார்கள்.

பொய்ப் படத்தைவிடச் சிக்கலானது, உண்மைப் படத்துக்குப் பிழையான விளக்கம் சொல்வது. சென்டினல்-1 என்ற செய்மதி ரேடார் அலையால் படம் எடுக்கும். அதற்கு முகிலும் இருட்டும் தடையில்லை, உண்மையான வெள்ளப் படங்கள் பல அதிலிருந்தே வருகின்றன. படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், அமைதியான தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் காலபோகத்துக்கு விதைத்துத் தண்ணீர் கட்டிய வயலும் அதே கறுப்புத்தான். பரந்தன் வயல்வெளியைச் சிவப்பு வட்டம் போட்டு "எல்லாம் மூழ்கிவிட்டது" என்று அனுப்பினால், வயலா வெள்ளமா என்று அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மழைக்கு முந்திய படத்தோடு ஒப்பிட வேண்டும். கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். முந்தைய படத்திலும் கறுப்பாக இருந்தால் வயல் அல்லது குளம். வீதியும் குடிமனையும் புதிதாகக் கறுத்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

சரி, படம் பொய் என்று தெரிந்துவிட்டது. அதனால் வெள்ளம் வராது என்று பாயை விரித்துப் படுத்துவிட வேண்டாம். வான் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கண்டாவளைப் பக்கம் இருப்பவர்கள் படத்தை அனுப்பியவரிடம் கேட்பதைவிட முதலில் அங்கே கேளுங்கள்.