வராதவர் எல்லாம் வேலையை விட்டவர் இல்லை

வணக்கம் நேயர்களே. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருக்கிறார், மூன்று நாள் ஆகிறது, நான்கு நாள் ஆகிறது, போன் போட்டால் எடுக்கவில்லை, உடனே மேனேஜர் ஹெச்ஆரைக் கூப்பிட்டு "அவராகவே வேலையை விட்டுப் போயிட்டார், பேரை எடுத்துடுங்க" என்கிறார். பல நிறுவனங்களில் இது இவ்வளவுதான். தொழிலாளர் வழக்குகளில் நிறுவனத்துக்காகவும் நின்றிருக்கிறேன், தொழிலாளிக்காகவும் நின்றிருக்கிறேன். இந்த ஒற்றை வரியை நம்பி வந்து தோற்றுப்போன நிறுவனங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவை ஏன் தோற்கின்றன என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வேலைக்கு வராமல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம், வருகைப் பதிவேட்டைத் திறந்தால் போதும். வேலையைக் கைவிட்டது அப்படி இல்லை, அது அந்த ஆளின் மனதைப் பற்றிய முடிவு. "இனி இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்று காட்ட வேண்டும், காட்ட வேண்டியவர் முதலாளி. இந்திய உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பார்க்கிறது, பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பார்க்கிறது: தகுந்த காரணம் இல்லாமல் வராமல் இருக்க வேண்டும், வேலை உறவை முறித்துக்கொள்ளும் எண்ணமும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். இரண்டில் இரண்டாவதுதான் கனமானது.

சரி, ஒருவர் மனதை எப்படிப் படிப்பது? அவர் செய்ததை வைத்துத்தான். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், லாக்கரைக் காலி செய்துவிட்டார், கணக்கை முடித்துக் கொடுங்கள் என்று கேட்டார், வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், இதெல்லாம் விட்டுப் போனதற்கான அறிகுறி. மறுபக்கம், சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்டு மேற்பார்வையாளருக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருந்தால்கூட, அது விட்டுப் போன ஆள் செய்கிற காரியம் இல்லை. வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், திரும்ப வேலை கொடுங்கள் என்று ஒருவர் உடனே வழக்கே போட்டிருக்கிறார் என்றால், அவர் வேலையைக் கைவிட்டார் என்று வாதாடுவது ரொம்பவே கஷ்டம். வேண்டாம் என்று போனவர் எதற்காகக் கேட்டு வருகிறார்?

இங்கேதான் அடிக்கடி வராமல் போகிறவர் விஷயத்தில் பெரிய குழப்பம் நடக்கிறது. ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை பார்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம், உதாரணத்துக்குத்தான். ஐந்து வருட சர்வீஸ். கடைசி நான்கு மாதத்தில் ஒரு தடவை இரண்டு நாள் வரவில்லை, அப்புறம் மூன்று நாள், அப்புறம் மறுபடி இரண்டு நாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து "உடம்பு சரியில்லை", "வீட்டில் பிரச்சினை" என்று ஏதோ சொல்லிவிட்டு வேலை பார்க்கிறார். மேனேஜருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கவனியுங்கள், ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்திருக்கிறார். வேலை வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உண்டா? அந்த இரண்டையும் மூன்றையும் கூட்டி "வேலையைக் கைவிட்டார்" என்று எழுத முடியாது. அது ஒழுங்கீனம், வாடிக்கையாக விடுப்பில்லாமல் வராமல் இருப்பது என்கிற குற்றச்சாட்டு. அதற்கு வழி வேறு: எச்சரிக்கைக் கடிதம், குற்றச்சாட்டுக் குறிப்பு, விளக்கம், விசாரணை, பிறகு தண்டனை. இந்தியாவில் நிறுவனங்களின் வேலை விதிகளுக்கு நிலையாணை என்று பெயர், அதற்கு அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளே 10 நாளுக்கு மேல் விடுப்பில்லாமல் வராததையும், வாடிக்கையாக வராததையும் ஒழுங்கீனப் பட்டியலில்தான் வைத்திருந்தன. சில நிறுவனங்கள் விசாரணை நடத்தச் சோம்பல்பட்டு, இந்தக் குற்றச்சாட்டுக்குப் "பணியைக் கைவிட்டார்" என்று பெயர் மாற்றிக் குறுக்கு வழியில் போகப் பார்க்கின்றன. நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை, நடந்ததைத்தான் பார்க்கிறது.

பழைய தடவைகளுக்கு அப்போது மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசியில் ஒரு நாள் அவர் வராமல் நின்று, திரும்பவே வராமல் போனால், அவருக்கு விதி தெரியும், முன்பே எச்சரித்திருக்கிறோம், அப்படியும் தகவல் சொல்லவில்லை என்று காட்ட அந்தப் பழைய கடிதங்கள் உதவும். எழுதிக் கொடுத்த எச்சரிக்கையாக இருந்தால் மட்டும். வாய்வார்த்தையாகத் திட்டியதை யாரும் கோப்பில் வைக்க முடியாது.

நம் கிடங்கு ஆளிடமே வருவோம். இப்போது ஒரு திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை, போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? முதல் இரண்டு மூன்று நாள் போன் செய்யுங்கள், எந்த நேரத்தில் யார் செய்தது என்று குறித்து வையுங்கள், அவசரத்துக்கு என்று அவர் கொடுத்த இன்னொரு எண்ணிலும் கேளுங்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு கடிதம் போக வேண்டும். இன்ன தேதியிலிருந்து வரவில்லை, விடுப்பு கேட்கவில்லை, அடுத்த வாரம் இன்ன நாளுக்குள் வேலைக்கு வாருங்கள், வர முடியாவிட்டால் காரணத்தை எழுதுங்கள், நோய் என்றால் மருத்துவச் சான்று அனுப்புங்கள், அவ்வளவுதான். இந்த முதல் கடிதத்திலேயே "நீங்கள் வேலையை விட்டுவிட்டதாகக் கருதுகிறோம்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. முடிவு எடுத்துவிட்டுக் காரணம் கேட்பது போல ஆகிவிடும், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

பதில் வரவில்லை என்றால் அடுத்து இரண்டாவது கடிதம். இதில் விளைவைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும்: இன்ன தேதிக்குள் வராமலும் விளக்கம் தராமலும் இருந்தால், வேலையில் தொடர விருப்பம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும், அப்படி ஏன் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். கோப்பில் இருக்கிற முகவரி, நிரந்தர முகவரி, ஈமெயில், வாட்ஸப் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். கடிதம் "கதவு பூட்டியுள்ளது" என்று திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அவர் இரண்டு வருடம் முன்பே வீடு மாறி, அதை அலுவலகத்தில் எழுதியும் கொடுத்திருந்தார், ஆனால் கடிதம் பழைய வீட்டுக்கே போனது என்று தெரிந்தால், எத்தனை கடிதம் அனுப்பினாலும் ஒன்றும் அனுப்பாத மாதிரிதான். இப்படி எத்தனையோ வழக்கு கவிழ்ந்திருக்கிறது.

எத்தனை நாள் என்று எல்லாரும் கேட்கிற கேள்வி. உலகத்துக்கெல்லாம் பொதுவான எண் எதுவும் கிடையாது, ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ இருப்பதுதான் எண். இந்தியாவின் மாதிரி நிலையாணை, கொடுத்த விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் திரும்பாமலும் காரணம் சொல்லாமலும் இருந்தால் அந்த வேலையின் மேல் உள்ள உரிமை போகும் என்றது. வங்கி ஊழியர் ஒப்பந்தத்தில் 90 நாள் வராமல் இருந்து, 30 நாள் அறிவிப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் தானாக ஓய்வு பெற்றதாகக் கருதலாம் என்று ஒரு பிரிவு உண்டு, 2000ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது, காரணம் அறிவிப்பு முறையாகப் போயிருந்தது.

ஆனால் எண் இருந்தாலே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். 1963ல், சென்னை பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில் வழக்கில், 8 வேலைநாள் தொடர்ந்து வராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும் என்ற நிலையாணை அப்படியே செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1993ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு தீர்ப்பு வந்த இன்னொரு வழக்கிலும் 8 நாளுக்கு மேல் வரவில்லை என்று ஒரு தொழிலாளியின் பெயரை எடுத்தார்கள். தொழிலாளி சொன்னது வேறு: நான் தினமும் வந்தேன், கேட்டிலேயே நிறுத்தினார்கள், கையெழுத்துப் போட விடவில்லை. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், அவர் பக்கத்தைக் கேட்காமல், விசாரிக்காமல் எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பாதிச் சம்பள பாக்கியோடு அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பியது. "தானாகவே" போய்விடும் என்று எழுதி வைத்த பிரிவுகளை நம்பிப் படுத்துத் தூங்கிய நிறுவனங்களுக்கு அது நல்ல அடி, என் பார்வையில் சரியான அடிதான்.

இங்கிலாந்தில் இதே கேள்வியை வேறு பக்கமிருந்து தீர்த்தார்கள். 1981ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், லண்டன் போக்குவரத்து ஊழியர் ஒருவர் அனுமதி இல்லாமல் ஜமைக்கா போய்விட்டார், போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவராகவே வேலையை முடித்துக்கொண்டார் என்று நிர்வாகம் வாதிட்டது. பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஊழியர் ஒப்பந்தத்தை மீறினாலும் அது தானாக முடியாது, முதலாளி அதை ஏற்று முடித்தால்தான் முடியும், ஆகவே இது பணிநீக்கம் என்றார்கள். ஆனால் அதே கையோடு, இந்தப் பணிநீக்கம் நியாயமானதுதான் என்றும் சொன்னார்கள். நிறுவனம் பயந்துபோய் ஒளிக்க நினைத்த வார்த்தையை வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலும் ஜெயித்திருக்கும்.

பிலிப்பைன்ஸில் 2004ல் வந்த தீர்ப்பு இன்னும் விசித்திரம். ஜிப்சம் பலகை பொருத்துகிற இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள், வேறு ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருந்தது தெரிந்தது. கைவிட்டார்கள் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, நீக்கியதும் சரி என்றது. ஆனால் சட்டம் கேட்கிற இரண்டு அறிவிப்புகளை முதலாளி அனுப்பவில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரி மாறிவிட்டது, அனுப்பி என்ன பயன் என்றார். அது ஒரு சாக்கு என்று தள்ளி, ஆளுக்கு 30,000 பெசோ கொடுக்கச் சொன்னார்கள். கடிதத்தை அனுப்பியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இப்போது வராமல் இருக்கிறவர் பக்கம் ஒரு வார்த்தை. மருத்துவமனையில் படுத்திருந்தாலும், சிறையில் இருந்தாலும், யாரையாவது வைத்து ஒரு வரி எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பியதைப் படம் பிடித்து வையுங்கள். 2012ல் இந்திய உச்ச நீதிமன்றம், தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வராததை வேண்டுமென்றே வராததாகக் கருத முடியாது என்றது, ஆனால் அந்தக் காரணம் காகிதத்தில் இருந்தால்தான் அது யாருக்கும் பயன்படும். கேட்டில் தடுத்தால் திரும்பிப் போய்ச் சும்மா இருக்காதீர்கள், அன்றே பதிவுத் தபாலில் "வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று எழுதுங்கள். வந்த கடிதத்தை வாங்க மறுப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை, மறுத்தாலும் பெற்றதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

கிடங்கு ஆள் மூன்றாவது வாரம் மருத்துவச் சான்றோடு வாசலில் வந்து நிற்கிறார் என்றால், அந்த நிமிடமே "கைவிட்டார்" என்ற பேச்சு முடிந்தது. முடிவு ஆணை இன்னும் போகவில்லை என்றால் அவரை உள்ளே விட்டு, சான்றை வாங்கி, வராத நாட்களைப் பற்றித் தனியாக விளக்கம் கேளுங்கள், வேண்டுமென்றால் ஒழுங்கு நடவடிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வரவே இல்லை, இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால், காரணங்களை எழுதி முடிவு ஆணையை அதே முகவரிகளுக்கு அனுப்புங்கள். கூடவே, வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளத்தையும் சட்டப்படி சேர வேண்டிய மற்ற தொகைகளையும் கணக்குப் போட்டு அவர் கணக்கில் செலுத்திவிடுங்கள். விட்டுப் போனவராக இருந்தாலும் அது அவர் உழைத்துச் சம்பாதித்த பணம், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை கிடையாது.

நன்றி, வணக்கம்.