வெள்ளைத் தாளில் ஒரு சிறிய கார்

அனைவருக்கும் வணக்கம்.

விளம்பரத்தை அலசுவதற்கான கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளை நீங்கள் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆனால் விடைத்தாள் திருத்தும்போது ஒன்று என்னை வருத்துகிறது. "தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கிறது, எனவே கவனம் உண்டு. தொலைபேசி எண் இருக்கிறது, எனவே செயல் உண்டு" என்று எழுதிவிடுகிறீர்கள். மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பதைப் போல் ஒரு விளம்பரத்தை அலச முடியாது. பார்ப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறுகிறார், எந்தப் படியில் விலகிப் போகிறார் என்பதைத்தான் தேட வேண்டும்.

ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1959-இல் அமெரிக்காவில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் காருக்காகத் தொடங்கிய வரிசையில் வந்தது. வடிவமைத்தவர் ஹெல்மட் குரோன், வாசகம் எழுதியவர் ஜூலியன் கோனிக். பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. இடப்பக்க மேல் மூலையை ஒட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு கார். கீழே 'திங்க் ஸ்மால்' என்று இரண்டே சொற்கள்; 'சிறியதாக எண்ணுங்கள்' என்று சொல்லலாம். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் வாசகம்.

அன்றைய அமெரிக்கக் கார் விளம்பரங்களில் நீண்ட கார்கள் வண்ண வண்ணமாகப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே கறுப்பு வெள்ளையில் ஒரு காலிப் பக்கம் வந்தால் கண் அங்கே போகாமல் இருக்குமா? எனவே கவனத்தை அளக்கும்போது சுவரொட்டியைத் தனியே மேசையில் விரித்துப் பார்க்காதீர்கள். அது ஒட்டப்படும் சுவரில், அக்கம்பக்கத்துச் சுவரொட்டிகளோடு சேர்த்துப் பாருங்கள். எல்லாமே சிவப்பாக இருக்கும் சுவரில் இன்னொரு சிவப்பை யார் பார்ப்பார்கள்?

ஆர்வத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தலைப்பைக் கையால் மறையுங்கள். இந்த விளம்பரத்தில் அப்போது எஞ்சுவது ஒரு சிறிய கார், அவ்வளவுதான். கையை எடுத்ததும், "பெரிதாக எண்ணு என்றுதானே உலகம் சொல்கிறது, இவர்கள் ஏன் சிறியதாக எண்ணச் சொல்கிறார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை கீழே இருக்கும் வாசகத்தில் கிடைக்கிறது. மனிதர் அடுத்த படிக்கு ஏறிவிட்டார். கண்ணைப் பறிக்கும் படத்துக்கும் விற்கும் பொருளுக்கும் தொடர்பே இல்லாத விளம்பரங்கள் இந்த இடத்தில்தான் அறுந்துபோகின்றன.

விருப்பத்தை எழுப்பும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'அற்புதம்', 'ஒப்பற்றது' போன்ற சொற்களே அந்த வாசகத்தில் இல்லை. ஒரு கேலனுக்கு 32 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 13.6 கிலோமீட்டர். ஒரு செட் டயர் மாற்றும் கவலை 40,000 மைல் வரை இல்லை. மற்றக் கார்களுக்கு ஐந்து குவார்ட் எண்ணெய் என்றால் இதற்கு ஐந்து பைன்ட்; இரண்டு பைன்ட் சேர்ந்தால்தான் ஒரு குவார்ட் என்பதால் சரி பாதி. எஞ்சின் காற்றாலேயே குளிர்வதால் உறைதடுப்புத் திரவமும் வேண்டாம். இவற்றை அடுக்கிவிட்டு, சிறிய இடத்தில் காரை நுழைத்து நிறுத்தும்போதும், சிறிய பழுதுச் செலவைக் கட்டும்போதும்தான் இந்தச் சிக்கனம் உங்களுக்கு நினைவுக்கு வரும் என்கிறது வாசகம். குறையாகத் தெரிந்த 'சிறியது' என்ற சொல் அங்கே ஆசையாக மாறிவிடுகிறது.

நான்காம் படிக்கு வருவோம். வாசகத்தின் கடைசி வரி, "யோசித்துப் பாருங்கள்". இன்றே வாங்குங்கள் என்ற பேச்சே இல்லை. நம் நான்கு படிகளின்படி இது தோல்வி என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். நான் அதை ஏற்கவில்லை. யாரும் ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் கார் வாங்குவதில்லை. அன்று அவர்களிடம் கேட்கக்கூடிய செயல் யோசிப்பதுதான். இரத்ததான முகாமின் சுவரொட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் அங்கே வந்து நிற்க வேண்டும். பெரிய இரத்தத்துளியும் புரவலர்களின் படங்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தேதியும் முகவரியும் அடியில் எறும்பு எழுத்தில் கிடந்தால், முதல் மூன்று படிகளில் பட்ட பாடு எல்லாம் வீண். எனவே முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது, 'இந்த விளம்பரம் யாரிடம் என்ன செயலைக் கேட்கிறது?' என்பதுதான். பிறகு கீழிருந்து மேலாக ஏறி வாருங்கள்.

இந்த நான்கு படிகளால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. இதே ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பின்னாளில் 'தூய டீசல்' என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது 2015-இல் வெளிப்பட்டது. மறுவருடம் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், பொய் விளம்பரம் என்று வழக்குத் தொடுத்தது. அந்த விளம்பரங்களும் கவனத்தை ஈர்த்தன, ஆசையை எழுப்பின. மக்கள் நம்பி வாங்கினார்கள். நான்கு படிகளிலும் அவை தேறிவிடும். அதனால்தான் என் வகுப்பில், அலசல் தாளின் ஓரத்தில் தனியாக ஒரு கோடு போடச் சொல்கிறேன். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் நேரே, அதை எங்கே சரிபார்த்தீர்கள் என்று அங்கே எழுத வேண்டும். அந்த ஓரம் காலியாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.