முகமைச் செலவை இறுதியில் சுமப்பவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

நிறுவனத்துக்குள் நலமுரண் என்றதும் நிர்வாகிகளின் ஆடம்பரச் செலவுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு முரண் பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்து மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிறர் பணத்தை நிர்வகிப்பவரைக் கண்காணிக்க ஆகும் செலவு, நம்பிக்கை தருவதற்காக அவரே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஆகும் செலவு, இவ்வளவு செய்த பிறகும் எஞ்சி நிற்கும் இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததையே அவர்கள் முகமைச் செலவு என்றார்கள்.

முதலில் பங்கின் பக்கம். ஒரு நிறுவனத்தின் முழு உரிமையாளர், 10 கோடி செலவில் படாடோபமான ஓர் அலுவலகம் கட்டலாமா என்று யோசிக்கிறார். அதனால் அவருக்குக் கிடைக்கும் மனநிறைவு 6 கோடி பெறும். பணம் முழுவதும் அவருடையதாக இருக்கும்வரை அவர் கட்டமாட்டார். 60 சதவீதப் பங்குகளை வெளியாருக்கு விற்றுவிட்டால் அவருடைய கையிலிருந்து போவது 4 கோடி மட்டுமே, கட்டிவிடுவார். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பது இதைத்தான். ஆனால் பங்கு வாங்குவோர் ஏமாளிகள் அல்லர். அவர் கட்டத்தான் போகிறார் என்று முன்கூட்டியே கணித்து, தங்கள் பங்குக்கான 6 கோடியைக் குறைத்துக்கொண்டே விலை கொடுப்பார்கள். எனவே அலுவலகத்தின் 10 கோடியும் கடைசியில் அவர் தலையிலேயே விழுகிறது. 6 கோடி மனநிறைவைக் கழித்தால் நிகர நட்டம் 4 கோடி. ‘நான் கட்டமாட்டேன்’ என்ற அவருடைய வாக்கைப் பிறர் நம்பும்படி செய்ய வழி இருந்தால், அந்த வழிக்கு 4 கோடிவரை செலவிட அவரே முன்வருவார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே தர்க்கம் கடனின் பக்கத்தில் இன்னும் கடுமையாகச் செயல்படுகிறது. ஓராண்டில் 80 கோடியைத் திருப்பித் தருவதாக ஒரு நிறுவனம் கடன் வாங்கியிருக்கிறது என்போம். கணக்கு எளிதாக இருக்க, வட்டியையும் காலத்தின் மதிப்பையும் ஒதுக்கி வைப்போம். அதன் முன் இரண்டு திட்டங்கள் உள்ளன. முதல் திட்டம் நிச்சயமாக 100 கோடி தரும். இரண்டாவது, சரிபாதி வாய்ப்பில் 150 கோடியோ 20 கோடியோ தரும். அதன் சராசரி 85 கோடிதான். சமூகத்தின் கண்ணில் முதல் திட்டமே மேல். பங்குதாரரின் கண்ணில் அப்படியல்ல. முதல் திட்டத்தில் அவருக்குக் கடன் போக 20 கோடி மிஞ்சும். இரண்டாவதில், வென்றால் 70 கோடி, தோற்றால் ஒன்றுமில்லை. சராசரி 35 கோடி. தோல்வியின் சுமை கடன் கொடுத்தவரைச் சேர்கிறது: அவருக்கு 80 கோடிக்குப் பதிலாகச் சராசரியாக 50 கோடியே கிடைக்கும். அவர் இழக்கும் 30 கோடியில் 15 கோடி பங்குதாரருக்குப் போகிறது. மற்ற 15 கோடி எவருக்கும் கிடைக்காமல் அழிகிறது.

அப்படியானால் கடன் கொடுப்பவர் வட்டியைக் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கூட்டிப் பார்ப்போம். இரண்டாவது திட்டம்தான் நடக்கும் என்று தெரிந்து 80 கோடி கொடுப்பவர், திருப்பித் தரவேண்டிய தொகையை 140 கோடி என்று எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் 140க்கும் 20க்கும் சராசரி 80 ஆகும். ஆனால் 140 கோடிக் கடன் தலைமேல் இருக்கும்போது, பாதுகாப்பான 100 கோடித் திட்டத்தில் பங்குதாரருக்கு ஒரு காசும் மிஞ்சாது. ஆகவே உயர்ந்த வட்டியே அவரைச் சூதாட்டத்தை நோக்கித் தள்ளுகிறது. விலையைக் கூட்டி இந்த நோயைத் தீர்க்க முடியாது என்பதால்தான் நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. நிபந்தனைகளைக் கடன் கொடுப்பவர் திணிக்கும் விலங்கு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், அழிந்துபோகவிருந்த அந்த 15 கோடியைத் தமக்கே மீட்டுக்கொள்ளக் கடன் வாங்குபவர் விரும்பி ஏற்கும் கட்டு அது.

கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனைகளை இந்தக் கண்ணோடு படித்தால் ஒவ்வொன்றின் இலக்கும் தெளிவாகும். சொத்துகளை விற்கவும் தொழிலை மாற்றவும் உள்ள தடை, நாம் பார்த்த திட்ட மாற்றத்தை நேராகக் குறிவைக்கிறது. ஈவுத்தொகைக்கு விதிக்கும் உச்சவரம்பு, கடன்காரர் வருவதற்கு முன் பணத்தை வெளியே எடுத்துவிடுவதைத் தடுக்கிறது. புதிய கடனுக்கான வரம்பு, பழைய கடன்காரரின் பங்கு நீர்த்துப்போகாமல் காக்கிறது. வங்கிக் கடன்களில் இவற்றோடு, வட்டிக்கு முந்தைய வருவாய் வட்டியைப் போல் இத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பது போன்ற விகிதங்களைக் காலாண்டுதோறும் சோதிப்பதும் உண்டு. விகிதம் தவறியதும் நிறுவனம் திவாலாவதில்லை. வங்கி மேசைக்கு வந்து பேசும் உரிமையைப் பெறுகிறது. பெரும்பாலும் ஒரு கட்டணமும் சற்று இறுகிய விதிகளும் பெற்றுக்கொண்டு மன்னித்துவிடும். ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும் கடன்பத்திரத்தில் இப்படி உட்கார்ந்து பேச ஆள் இல்லை. அதனால் அங்கே விதிகள் தளர்வாக இருக்கின்றன.

எழுதப்படாத விதி காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவின் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ நிறுவனமே சாட்சி. 1988 அக்டோபரில், பெருங்கடன் வாங்கி அந்த நிறுவனத்தைக் கையகப்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டதும் பங்கு விலை தாவியது. பழைய கடன்பத்திரங்களின் விலை சரிந்தது. பாதுகாப்பான நிறுவனம் என்று நம்பி வாங்கியவர்கள் ஒரே நாளில் கடன் சுமை மிகுந்த நிறுவனத்தின் கடன்காரர்கள் ஆனார்கள். மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு தடையை உட்பொருளாகச் சேர்த்துப் படிக்க முடியாது என்று 1989இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு கடுமையானது, ஆனால் சரியானது என்றே நான் கருதுகிறேன். அந்தப் பாதுகாப்பை விலை கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்கலாம். உரிமை கைமாறினால் முகமதிப்பில் 101 சதவீதத்துக்குப் பத்திரத்தைத் திருப்பி விற்கும் உரிமை இன்று பல பத்திரங்களில் எழுதப்படுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. கடுமையான தடை, நல்ல வாய்ப்புக்கும் கதவை அடைத்துவிடும். இந்த இடத்தில்தான் எந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. நிர்வாகியின் பங்கை உயர்த்தினால் அவர் அலுவலகம் கட்டமாட்டார். நம் கணக்கில் அவரிடம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே போதும். இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. மார்க், ஷ்லைஃபர், விஷ்னி ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இயக்குநர் குழுவினரின் பங்கு 5 சதவீதம்வரை உயரும்போது நிறுவன மதிப்பும் உயர்ந்தது. 5க்கும் 25க்கும் இடையே அது இறங்கியது. பங்கு கூடக்கூட, அவரை எவராலும் அசைக்க முடியாத நிலை வந்துவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். அதைவிட முக்கியமானது, பங்குதாரரைப் போலவே சிந்திக்கும் நிர்வாகி, கடன்காரரின் செலவில் அந்த இரண்டாவது திட்டத்தையும் பங்குதாரரைப் போலவே விரும்புவார். ஒரு முரணைக் குறைக்கும் கட்டமைப்பு மற்றதைக் கூர்மையாக்குகிறது.

இதற்கு ஒரு நல்ல மாற்று, பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரம். நம் 80 கோடிக் கடனை, கொடுத்தவர் விரும்பினால் 80 சதவீதப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று வைப்போம். இரண்டாவது திட்டம் வென்று 150 கோடி வந்தால் அவர் மாற்றிக்கொண்டு 120 கோடி எடுப்பார். பழைய பங்குதாரருக்கு 30 கோடிதான். தோல்வியையும் சேர்த்து அவருடைய சராசரி 15 கோடி. முதல் திட்டத்திலோ, கொடுத்தவர் கடனாகவே வைத்திருந்தாலும் பங்காக மாற்றினாலும் பழைய பங்குதாரருக்கு 20 கோடி நிற்கும். எனவே பங்குதாரர் தாமாகவே பாதுகாப்பான திட்டத்தைத் தேர்ந்தெடுப்பார். எந்தத் திட்டம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. விகிதத்தை 80 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைத்தால் அவருடைய சராசரி 22.5 கோடியாகி, சூதாட்டம் மறுபடியும் இலாபகரமாகிவிடும். ஆகவே, மாற்றத்தக்க பத்திரம் என்ற பெயரைக் கண்டு நிம்மதி கொள்ளாமல், அந்த விகிதத்தை முதலில் பார்க்க வேண்டும்.