விமான இறக்கையின் நுனி ஏன் மேல்நோக்கி வளைகிறது?

"வணக்கம் ஐயா. சென்னைக்குப் போகும் ஏ320 விமானத்தின் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அந்தச் சிறு துண்டு எப்படி எரிபொருளை மிச்சப்படுத்தும்? வெகுதூரம் பறக்கும் 777-300ER விமானத்துக்கு அது ஏன் இல்லை?" (தெம்பனிஸிலிருந்து ஒரு நேயர்)

வணக்கம். இறக்கையின் அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தாங்குகிறது. ஆனால் நுனியை எட்டியதும் கீழேயுள்ள காற்று ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. விமானம் முன்னே போகப் போக அது நீண்ட சுழலாகப் பின்தொடர்கிறது. மழை ஓய்ந்த மாலையில் சாங்கி கடற்கரைப் பூங்காவில் நின்று, தரையிறங்கும் விமானங்களைக் கவனியுங்கள். இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்திவிட்ட பிளாப் என்ற தகட்டின் வெளி ஓரத்திலிருந்து வெள்ளைக் கயிறு போல ஒன்று சில நேரம் நீளும். சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால், அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. இறக்கை நுனியில் நடப்பதும் இதுதான்.

இந்தச் சுழல் இறக்கையைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதனால் தூக்குவிசை நேராக மேலே நிற்காமல் சற்றே பின்பக்கம் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த பங்குதான் தூண்டல் இழுவை. விங்லெட் எனப்படும் அந்த வளைந்த நுனி, சுழலை அடைத்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுழல் அப்போதும் இருக்கிறது. அது பரவலாகி வலுக் குறைகிறது, அவ்வளவுதான். இறக்கையை நீட்டினாலும் இதே பலன்தான் கிடைக்கும்.

ஏ320 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அதன் இறக்கை அகலம் 34.1 மீட்டர். வளைந்த நுனியுடன் 35.8 மீட்டர். எடையும் வேகமும் மாறாதபோது தூண்டல் இழுவை அகலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே இந்த 1.7 மீட்டர் மட்டுமே அதைச் சுமார் 9 விழுக்காடு குறைக்கிறது. உயரத்தில் சீராகப் பறக்கும்போது மொத்த இழுவையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தூண்டல் இழுவை. ஆக மொத்தத்தில் மூன்றரை விழுக்காடு போல மிச்சம். நீண்ட பயணங்களில் 4 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்று ஏர்பஸ் சொல்வதும் இதை ஒட்டியே வருகிறது.

அப்படியானால் இன்னும் நீட்டலாமே? இந்த வகை விமானம் நிற்கும் இடங்கள் 36 மீட்டருக்கு உட்பட்ட அகலத்துக்குத்தான். அதனால்தான் மிச்ச நீளம் மேல்நோக்கிப் போகிறது.

விங்லெட்டுக்கும் எடை உண்டு, காற்று உராய்வும் உண்டு. இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் பகுதியையும் வலுப்படுத்த வேண்டும். கோலாலம்பூர் போன்ற குறுகிய பயணத்தில் இதை ஈடுகட்டப் போதிய நேரம் கிடைப்பதில்லை. நீண்ட பயணத்தில் நிலைமை வேறு. எரிபொருள் நிறைந்த விமானம் கனமாகப் புறப்படுகிறது. தூண்டல் இழுவை எடையின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் முதல் சில மணி நேரத்தில் பலன் அதிகம். மிச்சமாகும் எரிபொருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் அந்தச் சுமைக்கான எரிபொருளும் மிச்சம்.

777-300ER இறக்கையின் நுனி மேலே வளையாமல் பின்னோக்கிச் சரிந்து நீள்கிறது. அகலம் 64.8 மீட்டர். அது நிற்கும் இடங்களுக்கான பிரிவின் எல்லை 65 மீட்டர். எல்லைக்குள் கிடைத்த இடத்தை அது கிடைமட்டமாகவே பயன்படுத்திவிட்டது. அடுத்து வரும் 777-9 விமானத்தின் இறக்கை வானில் 71.8 மீட்டர் விரிந்து, தரையில் நுனியை மடக்கி மீண்டும் 64.8 மீட்டருக்குள் அடங்கிவிடும்.