கடைசிக் கதவு எந்தப் பக்கம்?

நடுவர் கேட்டது: "நாடகத்துறை மாணவி ஒருவர் 'பொம்மை வீடு' நாடகத்தைத் திருநெல்வேலி டவுன் வளவு வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு தழுவலைப் பற்றி உரை தரப் போகிறார். அவரிடம் எதைக் கேட்க வேண்டும்? வசனத்தில் என்ன மாறியது என்றா, மேடையில் என்ன மாறியது என்றா?"

நடுவர் அவர்களே, மேடையைத்தான் கேட்க வேண்டும் என்று எங்கள் அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். பாளையங்கோட்டைச் சபைக்கு வணக்கம்.

எதிரணி அண்ணாச்சி ஒரு நல்ல குண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நார்வே நாடகாசிரியர் இப்சன் இந்த நாடகத்தை எழுதியது 1879-இல். கடைசியில் நாயகி நோரா புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுப் போகிறாள், தெருக்கதவு சாத்தும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது. மறு வருஷமே ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் பெண்ணாக நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாராவது கைவைப்பதற்கு முன் இப்சனே மனசில்லாமல் முடிவை மாற்றிக் கொடுத்தார். "வசனம் மாறியது, அர்த்தம் கவிழ்ந்தது" என்றார் அண்ணாச்சி. பாதி சரி. அந்த மாற்று முடிவில் நோராவைத் தடுத்து நிறுத்துவது எது? புருஷன் அவளைப் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு இழுத்துப் போகிறான், கதவைத் திறந்து காட்டுகிறான். அவள் கையிலிருந்த பை விழுகிறது, அந்த வாசலிலேயே சரிகிறாள். திரை. மூல நாடகத்தில் தெருக்கதவு செய்த வேலையை இங்கே பிள்ளைகள் அறைக் கதவு செய்கிறது. இப்சனே கதவைத்தான் மாற்றியிருக்கிறார், அண்ணாச்சி!

அதனால் அந்த மாணவியிடம் என் முதல் கேள்வி: உங்கள் தழுவலில் கடைசியாக மேடையில் நிற்பது யார்?

மூலத்தில் நோரா போன பிறகு புருஷன் தனியாக இருக்கிறான். பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கிறான், காலியான அறையைப் பார்க்கிறான், ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து வெளிக்கதவு சாத்தும் சத்தம் வருகிறது. அவள் போவதை நாம் பார்ப்பதில்லை. அவனோடு சேர்ந்து நாமும் கேட்கிறோம், அவ்வளவுதான். இந்த வளவுத் தழுவலில் நோரா வீட்டின் முன்பக்கத் தார்சாவிலிருந்து இறங்கி, நாடகம் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே நடந்து போகிறாள். எல்லாத் தலையும் அவள் பின்னால் திரும்புகிறது. மேடையில் புருஷன் என்ன செய்கிறான் என்று பார்க்க ஆளில்லை. அந்த இடத்தில் வசனம் ஒரு வரி மாறவில்லை. ஆனால் அவன் தோல்வியாக இருந்தது அவள் புறப்பாடாக மாறிவிட்டது. இது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மாணவியிடம் கேட்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் அணியிலேயே பேசிய தங்கச்சி, தன் பெரியம்மா வீட்டை விட்டுப் போன கதையைச் சொன்னார். பாதிப்பேர் கண் கலங்கினீர்கள். கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவுதான். ஆனாலும் அதில் ஒன்று கிடைத்தது: பெரியம்மா போனதை வளவில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இப்சனின் வீடு மாடியில் இருக்கும் தனிக்குடித்தனம். வளவிலோ நாலு குடும்பத்துக்கு ஒரே வாசல். அங்கே ஒரு பெண் ராத்திரியில் கதவைச் சாத்தினால் அது புருஷனுக்கு மட்டும் கேட்கிற சத்தமாக இருக்க முடியாது. அப்படியானால் பக்கத்து வீட்டு விளக்குகள் எரிய வேண்டுமா, வேண்டாமா? எரிந்தால் மானப் பிரச்சினை உள்ளே வந்துவிடும், இப்சன் எழுதிய தனிமை போய்விடும். இதில் எனக்கே இரண்டு மனசு.

அடுத்து அந்தச் சத்தம். எதிரணியில் ஒருவர், கதவு செய்ய எவ்வளவு செலவாகும் என்று கணக்குக் கேட்டார். ஐயா, இது தச்சர் கூலி விவாதம் இல்லை. ஆனால் ரெக்கார்டு பண்ணிய சத்தத்தை மேடைக்கு முன்னால் தொங்கும் ஸ்பீக்கரில் விட்டால், வீட்டுக்குப் பின்னால் போனவள் நம் மடியில் கதவைச் சாத்திய மாதிரி கேட்கும். பக்கத் திரைக்குப் பின்னால் கனமான பலகைக் கதவு ஒன்றை நிஜமாகவே அடித்துச் சாத்தினால், அது போன திசை தெரியும்.

விளக்கு எப்போது அணைகிறது என்பதையும் கேட்க வேண்டும். சத்தத்துக்கு முன்னால் இருட்டானால் நம் ஊர்ச் சபை நாடகம் முடிந்தது என்று கைதட்டிவிடும், கதவுச் சத்தம் அதில் அமுங்கிப் போகும். அவள் போனாளா, வாசலில் நிற்கிறாளா என்றே தெரியாமல் வீட்டுக்குப் போவார்கள். ஒத்திகையில் இது பிடிபடாது, ஏனென்றால் அங்கே கைதட்ட ஆளில்லை.

இன்னொன்று. மூலத்தில் நோராவைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் பூட்டிய பெட்டியில் கிடக்கும், சாவி புருஷனிடம். அது அங்கே கிடப்பது நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தழுவலில் அதைப் புருஷனின் போனில் வந்த மெசேஜ் ஆக்கியிருக்கிறார்கள். சரி, காலத்துக்கு ஏற்றதுதான். ஆனால் அவன் சட்டைப் பையில் இருக்கும் போனை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு பயப்படுவது? தார்சாவில் சார்ஜ் போட்டு வைத்தால் ஒருவேளை நடக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி அண்ணாச்சி எழுந்து வந்ததும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இதில் எதையாவது வசனப் பிரதியை மட்டும் வாசித்துக் கண்டுபிடித்திருப்பீர்களா?