படுக்கையைச் சுமந்த நாலு பேர்

நடுவர் கேட்ட கேள்வி: "நீ குணமாவாய் என்று வாக்குக் கொடுக்காமல் சுகமளிப்பைப் பற்றிப் பிரசங்கித்தால், சனத்தின் விசுவாசம் வளருமா, அணைந்து போகுமா?"

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் என் மதிப்புக்குரிய பாஸ்டர் அவர்களே, வெயிலில் வந்து குந்தியிருக்கிற அம்மா, ஐயாமாரே, வணக்கம்.

வளரும் என்பது எங்கள் அணி. ஆனால் முதலில் என் அணித் தம்பியோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். அற்புதம் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தது, இனி ஆஸ்பத்திரிதான் என்று அவர் சொல்லிப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போ என்றது சரி. மற்றதை நான் ஏற்கவில்லை. கடவுள் குணமாக்குகிறார் என்று நம்புகிறவனாகத்தான் இங்கே நிற்கிறேன். எதைப் பிரசங்கிப்பது என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எந்த இடத்தில் நின்று பிரசங்கிப்பது என்பதில்தான் பிரச்சினை.

அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பிழை விட்டுப் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் சபையில், மாற்கு 2ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கித்தேன். நாலு பேர் சுமந்துகொண்டு வந்த திமிர்வாதக்காரன், கூரையைப் பிரித்து இறக்கிய கதை. மூன்றாவது வரிசையில் ஓர் அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார். 2009இல் செல் பீஸ் முதுகெலும்பில் பட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. பிரசங்கம் சூடு பிடித்த நேரத்தில், எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவரைப் பார்த்து, "இண்டைக்கு நீ எழும்புவாய்! விசுவாசித்தால் எழும்பு!" என்று சொல்லிவிட்டேன்.

சபை எழும்பியது. இரண்டு பொடியன்கள் ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்து உயர்த்தினார்கள். இன்னொருவர் காலைத் தொட்டார். கால் வெடுக்கென்று உதறியது. "கால் ஆடுது! அல்லேலூயா!" என்று சத்தம். அப்படியே தூக்கி நிறுத்தினார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது, முகம் வெளுத்துச் சரிந்து விழுந்தார். ஆவியில் விழுந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஒரு அல்லேலூயா.

பிறகு அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ தங்கச்சி எனக்கு விளக்கினா. தலையிலிருந்து காலுக்குப் போகிற வயர் அறுந்திருக்கிறது. ஆனால் காயத்துக்குக் கீழே இருக்கிற முண்ணாண் உயிரோடுதான் இருக்கிறது. தொட்டாலோ இழுத்தாலோ அது தலையைக் கேட்காமல் தானாகப் பதில் சொல்லும். அந்த உதறல் அவருக்குத் தினமும் காலையில் வருவது, அவரின் மனைவிக்கு நன்றாகத் தெரிந்தது. விழுந்ததும் அப்படித்தான். வருடக்கணக்காக நிற்காத உடம்பைத் திடீரென நிமிர்த்தினால் இரத்தம் காலுக்கு இறங்கிப் பிரசர் விழும், மயக்கம் வரும். நாங்கள் இரண்டு அற்புதம் கண்டோம். இரண்டும் வருத்தத்தின் அடையாளங்கள்.

அதோடு முடியவில்லை. மயங்கினவரைத் திரும்ப நாற்காலியில் இருத்தியபோது, அதில் இருந்த மெத்தை வழுக்கிக் கீழே விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, தோலுக்கு இளைப்பாறுதல் கொடுக்க வேண்டியவர். அன்றைக்கு அந்தக் கைகளை நாங்கள் துதிக்க உயர்த்திப் பிடித்திருந்தோம். ஒன்றரை மணித்தியாலம் வெறும் இருக்கையில் இருந்தார். அவருக்கு நோகாது, அதுதானே வருத்தமே! இரவு மனைவி பார்த்தபோது, உட்காரும் எலும்பு இருக்கிற இடத்தில், விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாத கருஞ்சிவப்புத் தழும்பு. ஒரு கிழமைக்குள் அது படுக்கைப்புண். ஆஸ்பத்திரியில் படுத்து, பிறகு வீட்டில் குப்புறக் கிடந்து, ஆறுவதற்கு ஐந்து மாதம் போனது.

நான் பார்க்கப் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, புண் பரவாயில்லை. நான் எழும்பாததுக்கு நான்தான் காரணம் எண்டு என்ர பிள்ளைக்கு முன்னால சொல்லிப்போட்டீங்கள்."

நடுவர் அவர்களே, அணைந்தது எது என்று கேட்டீர்களே. அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு மேலாகச் செல் அடியும் பட்டினியும் அணைக்காததை என் ஒரு வசனம் அணைத்தது.

எதிரணிப் பாஸ்டர் வேதம் நன்றாகத் தெரிந்தவர். யாக்கோபு 5ஐ எடுத்து வைத்தார். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார்." இது வாக்குறுதிதானே, நாங்கள் ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் மூப்பர்கள். அப்படியானால் அந்த விசுவாசமுள்ள ஜெபம் யாருடையது? ஜெபிக்கிறவர்களுடையது. படுத்திருக்கிறவரின் விசுவாசத்தை அளக்க அங்கே ஒரு கோலும் இல்லை. அடுத்து, "அவன் பாவஞ்செய்தவனானால்" என்று இருக்கிறது. அந்த "ஆனால்" என்கிற மூன்று எழுத்தைத்தான் நாங்கள் பிரசங்கத்தில் விழுங்கிவிடுகிறோம். வன்னியில் செல் விழுந்த கிடங்குக்குள் யாருடைய பாவத்தைத் தேடப் போகிறீர்கள்? பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் அதைத்தான் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று பதில் வந்தது.

"எழுப்புவார்" என்ற சொல் மட்டும் எனக்கும் பாரம்தான். இப்போதா, கடைசி நாளிலா என்று வேதம் படித்தவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் தன் கையால் பலரைக் குணமாக்கிய பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதினார். விசுவாசம் குறைந்தவன் என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. அந்த வரியை வைத்து ஒரு பிரசங்கம் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? அந்த அண்ணனிடம் அனுமதி கேட்டு, அதே அதிகாரத்தை ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பிரசங்கித்தேன். முதல் தடவை நான் கதையில் எங்கே நின்றேன் என்று யோசித்தேன். "எழுந்திரு" என்று சொல்கிறவரின் இடத்தில் போய் நின்றிருக்கிறேன். அது என் இடம் இல்லை. பிரசங்கியின் இடம் கூரைக்கு மேலே, கயிற்றைப் பிடித்திருக்கிற நாலு பேரோடு. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் விசுவாசித்தானா இல்லையா, ஒரு எழுத்தும் இல்லை.

இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்கு அந்தக் கதை தெரியும் தம்பி. காயப்பட்ட அண்டைக்கு என்னைப் படங்கில போட்டு நாலு பேர்தான் தூக்கினவங்கள். ஒருத்தன் வழியிலேயே போயிட்டான்." இந்த மண்ணில் அந்த அதிகாரத்துக்கு என்னைவிட நல்ல விளக்கவுரை அவரிடம்தான் இருந்தது.

இரண்டாம் தடவை என் வாயில் மாறியது பெரிதாக ஒன்றும் இல்லை, வினைச்சொல் மட்டும்தான். "குணமாவாய்" என்பதும் "குணமாக்குவார்" என்பதும் எதிர்காலம். நாளை என் கையில் இல்லை, ஆகவே அதை எனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. "குணமாக்கும் ஆண்டவரே" என்பது வேண்டுதல். அதை எவ்வளவு சத்தமாகவும் சொல்லலாம், அழுதும் சொல்லலாம், விசுவாசம் ஒரு இம்மியும் குறையாது. ஜெபத்துக்கு முன்னால் அவரிடம் கேட்டேன், "அண்ணை, என்னத்துக்கு ஜெபிக்க?" நடப்பதற்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, புண் திரும்ப வரக்கூடாது, சலத்தில் கிருமி வந்து காய்ச்சல் அடிக்கக்கூடாது, மகள் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். தோளில் கை வைக்கலாமா என்று கேட்டேன். வையுங்கள் என்றார். மெத்தை இருக்கிறதா என்று ஒருவர் பார்த்தார். இடையில் அவர் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினபோது, நான் ஜெபத்தை நிறுத்தவில்லை, அவரும் வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு புண் வரவில்லை. ஜெபமா, மனைவியின் கண்ணா, புது மெத்தையா? எனக்குத் தெரியாது. பிரித்துக் கேட்கவும் மனமில்லை.

தேநீர் இடைவேளையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். இதோ, முன்னுக்குத்தான் இருக்கிறார். "தம்பி, அப்ப நீங்கள் கூட்டத்துக்குப் போகவேண்டாம் எண்டோ சொல்லுறீங்கள்? எனக்கு ஜெபத்தில சீனி வருத்தம் போயிட்டுது. குளிசையும் நிப்பாட்டிட்டன். ஒரு நோவும் இல்லை." அம்மா, கூட்டத்துக்குப் போங்கள். உங்களுக்குச் சுகம் கிடைத்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அண்ணனுக்கும் நோகவில்லை, புண் எலும்பு வரை போனது. சீனி கூடினாலும் பல நாள் நோகாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் சத்தமில்லாமல் வேலை செய்யும். குஷ்டரோகியைச் சுகமாக்கிய பிறகு, "ஆசாரியனுக்குக் காண்பி" என்று இயேசு சொல்லி அனுப்பினாரே, ஏன்? அந்தக் காலத்தில் சுகத்தைச் சோதித்துப் பார்க்கிறவன் ஆசாரியன். இந்தக் காலத்தில் கிளினிக். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுங்கள். குளிசையை நிறுத்துவதா என்று அந்த டொக்டர் சொல்லட்டும். சீனி உண்மையாகவே இறங்கியிருந்தால், கொப்பியில் எழுதி வரும். அந்தக் கொப்பியோடு நீங்கள் மேடையில் ஏறிச் சாட்சி சொன்னால், முதல் அல்லேலூயா என்னுடையது.

பாஸ்டர் தலையை ஆட்டுகிறார். சாட்சியைத் தள்ளிப்போட்டால் கூட்டத்தின் சூடு போய்விடும் என்று முன்பே சொன்னார். போகும்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். என்ன செய்யலாம் என்று இன்னும் எனக்கு முழுதாக விடை இல்லை. சுகம் பெற்ற ஒருவரை இரண்டு கிழமை வாயைப் பொத்து என்று சொல்வதும் ஒரு கொடுமைதான்.

ஆனால் சூடு ஒன்று, விசுவாசம் வேறொன்று. ஆவணியில் மடு மாதா கோயிலுக்குப் போகிற சனத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு வருத்தக்காரரையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலானோர் அதே வருத்தத்தோடு திரும்பி வருகிறார்கள். அடுத்த வருடமும் போகிறார்கள். அங்கே யாரும் அவர்களுக்குத் திகதி போட்டு வாக்குக் கொடுக்கவில்லை. ஏன் எழும்பவில்லை என்று கேட்கவும் இல்லை.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். அந்த அண்ணன் இப்போதும் எல்லா ஞாயிறும் வருவதில்லை. மழை பெய்தால் அந்த மண் ரோட்டில் சக்கரம் புதையும். புதைந்தால் போன் எடுப்பார். நாலு பேர் போவோம்.