கறுத்த சுவர், வெளுத்த சுவர்

நண்பர்களே, வணக்கம். ஒரே விளக்கில் இருட்டு மிகுந்த முகப்படம் எடுக்கும்போது நாம் விளக்கைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் இன்று சுவரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பெரியவர் ஒருவரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் விபூதிப் பட்டை. மெல்லிய துணி போர்த்திய ஒரு எல்இடி விளக்கு, அவருக்கு இடப்புறம் சற்று முன்னால், கண் மட்டத்துக்கு மேலே. விளக்கு சரியான இடத்தில் இருந்தால் மூக்கின் நிழல் போய்க் கன்னத்து நிழலோடு சேரும். இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாகக் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரில் வழங்குவது இதுதான். அந்தக் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சமாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அவர் முகத்தை ஒரு பாதி இருட்டு விழுங்கிவிடும்.

கேமராவைத் தானியங்கியில் விட்டால், இவ்வளவு இருட்டைப் பார்த்து அது பயந்து வெளிச்சத்தைக் கூட்டும். முதலில் வெளுத்துப்போவது விபூதிதான். ஆகவே மேனுவலில் வைத்து, விபூதியின் கோடுகள் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இடப்பக்கம், அதாவது இருட்டுப் பக்கம், குவிந்திருந்தால் கவலை வேண்டாம். இந்த வகைப் படத்துக்கு அதுதான் இயல்பு.

இவ்வளவும் செய்தும் படம் சப்பென்று இருக்கிறது. ஏன்? சுவர் சுண்ணாம்பு அடித்த சுவர். முகத்தைத் தாண்டிப் போன வெளிச்சம் அதில் பட்டு மறுபக்கக் கன்னத்துக்கே திரும்புகிறது. பலர் இங்கே விளக்கை மங்கவைப்பார்கள். அதனால் பயனில்லை: இரண்டு கன்னமும் ஒரே விகிதத்தில் மங்கும், வித்தியாசம் அப்படியே இருக்கும். நிழல் பக்கம், படத்தில் விழாமல், ஒன்றிரண்டு அடி தூரத்தில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். அவரைப் பின்சுவரிலிருந்து முன்னே இழுங்கள். சிறிய விளக்கு முகத்துக்கு 1 மீட்டரிலும் சுவருக்கு 3 மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்.

இப்போது அதே பெரியவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போங்கள். உலைப் புகையில் சுவரெல்லாம் கரி. அங்கே போர்வை வேண்டாம். எதுவும் திரும்பாததால் மறுபக்கக் கண்ணே காணாமல்போகும். மடித்த வெள்ளை வேட்டியை யாரையாவது நிழல் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள், நாலடி தூரத்தில். அங்கிருந்து மெல்ல நெருங்கட்டும். கண் தெரிய ஆரம்பித்ததும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் நெருங்கினால் கூடத்துப் படம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. இருட்டறையில் கேமராத் திரை பளிச்சென்று தெரியும், அதை நம்பாதீர்கள். தாளில் அச்சிட்டால் அந்த நிழல் இன்னும் அமுங்கும். பெரிய அளவில் போடுமுன் ஒரு சின்னப் பிரதி எடுத்து, வாசலுக்குக் கொண்டுவந்து, அந்தக் கண் தெரிகிறதா என்று பாருங்கள்.